ஏப்பம் விட்டதும் குறைந்த வலி

1955 செப்டம்பர் 23. அமெரிக்க அதிபர் ஐசனோவர் விடுமுறைக்காக டென்வர் நகரில் தங்கியிருந்தார். வயது 64. காலையில் கோல்ஃப் ஆடிவிட்டு, மதியம் பச்சை வெங்காய வில்லைகள் வைத்த ஹாம்பர்கர் சாப்பிட்டார். மறுபடி ஆடப் போனபோது வயிறு சரியில்லை. வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று உடன் இருந்தவர்களிடம் சொன்னார். அவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் நெஞ்சுவலி அவரை எழுப்பியது. பகலில் அவர் வயிற்றைப் பற்றிச் சொன்னது மனைவி மேமிக்கு நினைவிருந்தது. அஜீரணத்துக்குக் கொடுக்கும் மில்க் ஆஃப் மக்னீசியாவை எடுத்துக் கொடுத்துவிட்டு டாக்டருக்குத் தகவல் சொன்னார். அதிபரின் மருத்துவர் ஹோவர்ட் ஸ்னைடர் வந்து பார்த்து, வலி அடங்க மார்ஃபின் ஊசி போட்டுத் தூங்க வைத்தார். காலையில் பத்திரிகையாளர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி: அதிபருக்கு அஜீரணக் கோளாறு. வலி எழுப்பிச் சுமார் பத்து மணி நேரத்துக்குப் பிறகுதான் ஈசிஜி எடுத்தார்கள். அதில் தெளிவாகத் தெரிந்தது மாரடைப்பு. தனக்கு முதலிலேயே தெரியும் என்று ஸ்னைடர் பின்னாளில் சொன்னார். அதை ஏற்காத வரலாற்று ஆய்வாளர்கள் உண்டு. ஐசனோவர் பிழைத்து, அடுத்த ஆண்டு தேர்தலிலும் வென்று, 1969 வரை வாழ்ந்தார். அது அவருடைய நல்ல காலம்.

உலகத்திலேயே அதிகமாகக் கவனிக்கப்பட்ட ஒரு மனிதருக்கு, சொந்த மருத்துவரை எப்போதும் கூடவே வைத்திருந்தவருக்கு, இப்படி நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வலியில் இந்தக் குழப்பம் அவ்வளவு எளிதில் நேரக்கூடியது. நம் வீடுகளில் இதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது: கேஸ் டிரபுள். அந்தப் பெயரை வைத்துவிட்டால், அதற்குரிய வைத்தியமும் தயாராக இருக்கிறது. சோடா, ஓமவாட்டர், சுக்குக் கஷாயம், பெருங்காயம் கரைத்த மோர், மருந்துக் கடையில் பச்சை நிறத்தில் ஒரு ஜெலுசில். நூற்றில் பெரும்பாலான தடவை அது வாய்வாகவே இருக்கும் என்பதும் உண்மை. மிச்சமிருக்கும் சில தடவைகளில்தான் ஆள் போய்விடுகிறார்.

இதயமும் வயிறும் இப்படி ஒன்றுக்கொன்று வேடம் கட்டுவதற்கு உடலின் அமைப்பே காரணம். விரலில் முள் குத்தினால் எந்த விரல், எந்தக் கணு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். உள்ளுறுப்புகளுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வலிச் செய்தி கொண்டுவரும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அங்கிருந்து மேலே போகும் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்று மூளையால் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. நெஞ்சுக்குழியில் ஏதோ செய்கிறது, அழுத்துகிறது, அடைக்கிறது என்று மட்டும் அது நமக்குச் சொல்கிறது. இடது கையும் தாடையும் வலிப்பதும் இதே குழப்பத்தால்தான்.

இன்னொரு காரணம், இருப்பிடம். இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மெல்லிய தசைத் திரைக்கு நேர் கீழே இரைப்பை. இதயத்தின் அடிச்சுவருக்கு ரத்தம் கொண்டுபோவது பெரும்பாலானவர்களுக்கு வலது இதய ரத்தக்குழாய். அது அடைத்துக்கொண்டால் வலி நடுநெஞ்சில் வராமல் மேல்வயிற்றில், விலாக்கள் சேரும் குழிக்குக் கீழே வரலாம். வயிற்றுக்கும் போகிற வேகஸ் நரம்பின் முனைகள் இந்த அடிச்சுவரில் நிறைய இருப்பதால் குமட்டலும் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். நாடி குறையும், உடம்பு சில்லிட்டு வியர்க்கும். சிலருக்கு ஏப்பமும் வரும். ஆக, மேல்வயிற்றில் வலி, குமட்டல், வாந்தி, ஏப்பம் எல்லாம் இருந்தும் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாமலிருக்கலாம்.

மாரடைப்பு என்ற நோயை இன்றைக்கு நாம் அறிந்திருக்கும் வடிவில் மருத்துவ உலகுக்கு விளக்கிக் காட்டிய கட்டுரைகளில் முக்கியமானது, சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல் எழுதியது. அதில் அவர் விவரிக்கும் நோயாளிக்கு வயது 55. ஓரளவு வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பகுதியில் கடும் வலி. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுத்துப் பார்த்தார். வலி குறையவில்லை. வந்த மருத்துவரும் இரைப்பையைக் கழுவிவிட்டார். 52 மணி நேரத்தில் அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இரைப்பையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இடது இதய ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. விரலை விட்டு வாந்தி எடுத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்பதற்கும் ஒரு பொருள் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டால் குடலுக்குப் போகும் ரத்தம் பெருகுகிறது. அந்தக் கூடுதல் ரத்தத்தை அனுப்ப இதயம் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் வழக்கத்தைவிட அதிகமாக உழைக்கிறது. குழாய்கள் சரியாக இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. உள்ளே கொழுப்புப் படிந்து குறுகிப்போன குழாய் உள்ளவருக்கு, கூடுதல் உழைப்புக்கு வேண்டிய ரத்தம் இதயத் தசைக்கு வந்து சேர்வதில்லை. தசை முறையிடுகிறது. சாப்பிட்ட கையோடு எழுந்து நடந்தால் இரட்டைச் சுமை. 1768-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இந்த நெஞ்சு இறுக்கத்தை முதன்முதலாக விரிவாக விவரித்தபோதே, நடக்கும்போது, அதிலும் சாப்பிட்டவுடன் நடக்கும்போது இது பிடித்துக்கொள்கிறது என்றும், நின்றால் போய்விடுகிறது என்றும் குறித்திருக்கிறார். ஈசிஜி என்ற கருவி வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வெறும் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்த உண்மை இது.

இந்த இடத்தில்தான் நம் ஊர்களில் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். இதய மருத்துவர்கள் ஒரே மாதிரியான வரலாற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதை ஒரே ஆளின் கதையாகத் தொகுத்தால் இப்படி இருக்கும்.

ஈரோட்டுப் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரை. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு நடந்து திரும்புவார். கோயில் முனை வரும்போது நெஞ்சை ஏதோ இறுக்குவது போல இருக்கும். அங்கே இருக்கும் பெட்டிக் கடையில் நின்று ஒரு சோடா குடிப்பார். இரண்டு ஏப்பம் வரும். ஐந்து நிமிடத்தில் இறுக்கம் போய்விடும். காலையில் வெறும் வயிற்றில் அதே வழியில் வரும்போது எதுவும் செய்வதில்லை. ஆகவே இது சாப்பாட்டால் வரும் கேஸ், சோடா குடித்தால் போய்விடுகிறது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

அவர் கவனித்தது எல்லாமே சரி. முடிவு மட்டும் தவறு. இறுக்கத்தைப் போக்கியது சோடாவும் அல்ல, ஏப்பமும் அல்ல. அவர் நின்றார், நின்றதும் இதயத்தின் உழைப்பு குறைந்தது, இருக்கிற ரத்தம் போதுமானதாகிவிட்டது. சோடா குடிக்காமல் வெறுமனே நின்றிருந்தாலும் அதே ஐந்து நிமிடத்தில் போயிருக்கும். சோடாவோடு விழுங்கிய காற்றும் அதிலேயே இருக்கும் வாயுவும் மேலே வந்தால் யாருக்கும் ஏப்பம் வரும்.

இதைத் தெரிந்துகொள்ள அவரிடம் கேட்க வேண்டியிருந்தது ஒரே கேள்வி: சாப்பிட்டுவிட்டு நடக்காமல் உட்கார்ந்தே இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இது வருகிறதா? வாய்வுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். அது இரைப்பையையும் குடலையும் பொறுத்தது, காலைப் பொறுத்ததல்ல. நடந்தால் வந்து, நின்றால் போகிற எந்த நெஞ்சு இறுக்கமும், அது எவ்வளவு லேசாக இருந்தாலும், ஏப்பத்தோடு போனாலும், இதயத்தைச் சோதிக்க வேண்டிய அறிகுறி. மாடிப்படி ஏறும்போது வருவதும், தண்ணீர்க் குடம் தூக்கும்போது வருவதும் அப்படியே.

இந்தக் கட்டத்தில் இதயத் தசை சாகவில்லை. குழாய் குறுகியிருக்கிறது, அவ்வளவுதான். மருந்துக்கும் சிகிச்சைக்கும் நல்ல அவகாசம் இருக்கிறது. அவருக்கு அப்படி இரண்டு மாதம் இருந்தது. கடைசி வாரங்களில் கோயில் முனைக்கு முன்னாலேயே நிற்க வேண்டி வந்தது. குறைந்த தூரத்தில் வருவதும், அடிக்கடி வருவதும், உட்கார்ந்திருக்கும்போதே வருவதும் ஆபத்து நெருங்குவதன் அடையாளம். அவர் அதை, கேஸ் முற்றிவிட்டது என்று புரிந்துகொண்டார்.

பிறகு ஒரு நாள் இரவு, கல்யாண வீட்டுச் சாப்பாடு. ஒன்பதேகால் மணிக்கு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அதே இறுக்கம் மேல்வயிற்றில் வந்தது. இந்தத் தடவை போகவில்லை. வாந்தி எடுத்தார். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்தது. "ஒண்ணுமில்ல, கேஸ்தான். ஓமவாட்டர் எடுத்தா" என்றார். மனைவி கொடுத்தார். வாந்திக்குப் பிறகு கொஞ்சம் தேவலை போல இருந்தது. பத்து மணிக்கு மறுபடி ஏறியது. "என்னங்க, உங்க மூஞ்சியே சரியில்ல. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்று மனைவி பிடிவாதமாக ஆட்டோ பிடித்தார்.

குழாய்க்குள் நடந்தது இதுதான். இத்தனை நாள் குழாயைக் குறுக்கியிருந்த கொழுப்புத் திட்டின் மேல்தோல் கிழிந்து, அந்தக் காயத்தின் மேல் ரத்தம் உறைந்து, வழி முழுவதுமாக அடைத்துவிட்டது. அடைப்பு முழுமையானால் அரை மணி நேரத்துக்குள்ளாகவே தசை சாகத் தொடங்குகிறது. மணிக்கணக்கில் அது பரவுகிறது. ஒன்பதேகாலிலிருந்து பத்து வரை ஓமவாட்டருக்காகக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தின் விலை அதுதான்.

மருத்துவமனையில் பத்தரை மணிக்கு எடுத்த முதல் ஈசிஜி திட்டவட்டமாக எதுவும் சொல்லவில்லை. இதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: முதல் ஈசிஜி நார்மல் என்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. அடைப்பு திறந்து மூடிக்கொண்டிருக்கலாம். மாற்றம் பதிவாக நேரம் ஆகலாம். இதயத்தின் பின்பக்கச் சுவர் வழக்கமான ஈசிஜியில் சரியாகத் தெரிவதில்லை. அதனால்தான் வலி தொடர்ந்தால் கால் மணி, அரை மணி இடைவெளியில் திரும்ப எடுக்கிறார்கள். அடிபட்ட தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்ற புரதத்தையும் பார்க்கிறார்கள். அதுவும் வலி தொடங்கிய உடனே ஏறுவதில்லை. சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே அதையும் இரண்டு தடவை பார்த்து, ஏறுகிறதா என்று ஒப்பிடுகிறார்கள். "ஒரு தடவை எடுத்தாச்சே, நார்மல்னு சொன்னாங்களே, திரும்ப எதுக்கு?" என்று சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. திரும்ப எடுப்பது பணம் பிடுங்க அல்ல. அந்தச் சோதனையின் முறையே அது.

இருபது நிமிடம் கழித்து எடுத்த இரண்டாவது ஈசிஜியில், இதயத்தின் அடிச்சுவரைப் பார்க்கும் மூன்று வரிகளிலும் மாற்றம் தெளிவாக எழும்பியிருந்தது. வலது மார்பில் வைத்துப் பார்த்ததில் இதயத்தின் வலப்பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தது. ரத்த அழுத்தம் 90-க்கு இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவர் மனைவி ஒரு விஷயம் சொன்னார். மாமனாருக்கு வாங்கி வைத்த சார்பிட்ரேட் மாத்திரை வீட்டில் இருந்ததாம். நாக்குக்கு அடியில் ஒன்று வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தாராம்.

வைக்காதது நல்லதாயிற்று. சார்பிட்ரேட் ரத்தக்குழாய்களை விரித்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். வலப்பக்க இதயம் பாதிக்கப்பட்டவருக்கு அந்த ரத்தம்தான் ஆதாரம். ஒரே மாத்திரையில் அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி மயங்கி விழக்கூடும். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை எடுத்துக்கொண்டவருக்கும் இதே ஆபத்து. சார்பிட்ரேட் என்பது மருத்துவர் பார்த்து, அந்த ஆளுக்கென்று எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும்.

சார்பிட்ரேட் வைத்துக் குறைந்தால் இதயம், ஜெலுசில் குடித்துக் குறைந்தால் வயிறு என்று ஒரு கணக்கு பரவலாக இருக்கிறது. இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பொய்க்கும். சார்பிட்ரேட் உணவுக்குழாயின் தசையையும் தளர்த்தும். ஆகவே உணவுக்குழாய்ப் பிடிப்பால் வந்த வலியும் அதற்குக் குறையும். மாரடைப்பு வலியோ அலைபோல ஏறி இறங்கும் இயல்புடையது. இறங்குகிற நேரத்தில் என்ன குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். அமில முறிவு மருந்து குடித்து வலி குறைந்ததாகச் சொன்ன நோயாளிகளுக்குப் பின்னால் மாரடைப்பு உறுதியானதை மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. மருத்துவமனையிலேயே இந்தச் சோதனையை நம்பக் கூடாது என்றால், வீட்டில் நம்புவது எப்படி?

சரி, உண்மையான வாய்வு எப்படி இருக்கும்? வயிறு உப்பியிருக்கும். வலி ஓரிடத்தில் நிற்காது. விலாவுக்குப் போகும், தொப்புளுக்கு இறங்கும், முதுகுக்குத் தாவும். குத்துவது போலவோ பிடித்து இழுப்பது போலவோ இருக்கும். காற்று கீழே பிரிந்ததும், மலம் கழித்ததும் தெளிவாகக் குறையும். பெருங்குடல் இடது விலாவுக்கு அடியில் வளைந்து திரும்பும் இடம் ஒன்று உண்டு. அங்கே காற்று தேங்கினால் வலி இடது மார்பிலேயே தெரியும். இடது பக்கம் என்றதும் பதறுகிறவர்களில் பலருக்கு இதுதான். அமிலம் மேலேறி வரும் நெஞ்சுக் கரிப்பு இன்னொரு வகை: மேல்வயிற்றிலிருந்து தொண்டை நோக்கி எரிச்சல் ஏறும், வாயில் புளித்த நீர் ஊறும், குனிந்தாலும் படுத்தாலும் கூடும், எழுந்து உட்கார்ந்தால் தணியும். ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, அழுத்தினால் கூடும் வலி, மூச்சை இழுக்கும்போது மட்டும் சுருக்கென்று குத்தும் வலி, ஓரிரு நொடியில் போய்விடும் வலி ஆகியவை இதயமாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

இதய வலியைப் பலர் வலி என்றே சொல்வதில்லை. பாரம் வைத்த மாதிரி, கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி, அடைக்கிற மாதிரி என்பார்கள். விரலால் காட்டாமல் உள்ளங்கையை விரித்தோ கையை முட்டியாக மூடியோ நடுநெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். இரண்டு தோளுக்கும், கைகளுக்கும், தாடைக்கும், முதுகுக்கும் பரவலாம். இடது கை மட்டும்தான் என்பதில்லை. வலது கைக்கோ இரண்டு கைக்குமோ பரவினால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், காரணமில்லாத வாந்தி, ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம். எப்படிப் படுத்தாலும் உட்கார்ந்தாலும் மாறாது. பத்துப் பதினைந்து நிமிடம் தாண்டியும் நிற்கும்.

இந்த இரண்டு பத்திகளையும் படித்துவிட்டு, இனி வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. இவை சந்தேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும், தீர்ப்புச் சொல்ல உதவா. மேலே சொன்னவற்றை வைத்து, இது இதயமாக இருக்கலாம் என்று வீட்டில் சந்தேகப்படலாம். இது நிச்சயமாக இதயமில்லை என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. எரிச்சலாகவே தொடங்கிய மாரடைப்புகள் உண்டு.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். பல வருடச் சர்க்கரை நரம்புகளை மரக்கச் செய்துவிடுவதால், அவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் குமட்டலாகவோ, மூச்சு வாங்கலாகவோ, திடீர்ச் சோர்வாகவோ மாரடைப்பு வரலாம். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் இப்படி வருவது கூடுதல். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், மாரடைப்புகளில் கால் பங்குக்கும் மேல் வழக்கமான ஈசிஜியில் பின்னால்தான் தெரியவந்தன. அவற்றில் பாதிப் பேருக்கு எந்த வலியும் இருந்ததாக நினைவில்லை. மீதிப் பேருக்கு ஏதோ இருந்தது. மாரடைப்பு என்று தெரியாமல் போயிற்று.

வயதைக் காரணம் காட்டித் தைரியம் சொல்வதும் நமக்குப் பொருந்தாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு அது ஏறக்குறைய 59. சராசரி வயது 53 என்றால் பலருக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது என்று பொருள். "நாற்பத்தஞ்சு வயசுதானே, கேஸாத்தான் இருக்கும்" என்ற பேச்சுக்கு நம் மண்ணில் இடமில்லை.

அப்படியானால் ஒவ்வொரு புளியேப்பத்துக்கும் ஓட வேண்டுமா? வேண்டாம். இளவயது, சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ புகைப்பழக்கமோ இல்லை, முன்பே பலமுறை வந்து பழகிய அதே எரிச்சல், படுத்தால் கூடுகிறது, எழுந்தால் குறைகிறது, நடப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றால் மறுநாள் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் முப்பது வயது தாண்டியவருக்கு, அதுவரை வராத ஒரு புது மாதிரியில், நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ இறுக்கம் வந்து பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால், அல்லது வியர்வையோ மூச்சுத் திணறலோ பரவும் வலியோ சேர்ந்தால், எந்த வீட்டு வைத்தியத்தையும் பரிசோதித்துக் கொண்டிருக்க நேரமில்லை. பித்தப்பைக் கல், கணைய வீக்கம், இரைப்பைப் புண் ஓட்டையாவது என்று சாப்பாட்டுக்குப் பின் மேல்வயிறு வலிக்கும் வேறு அவசரங்களும் இருக்கின்றன. இவற்றுக்கும் மருத்துவமனைதான் இடம். ஆகவே போய்ப் பார்த்து இதயமில்லை என்று தெரிந்தாலும் போனது வீணில்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வலி தொடங்கிய நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்க வைக்காதீர்கள், சாய்ந்து உட்கார வையுங்கள். 108-ஐ அழையுங்கள். தானே பைக் ஓட்டிப் போகவே கூடாது; வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் அங்கே காப்பாற்ற ஆள் இருக்காது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, ரத்தக் கசிவு நோயோ, வயிற்றுப் புண்ணோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வதுண்டு. மென்றால்தான் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். 108-இல் பேசுகிறவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பலமாக இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு எந்த ஆதாரமும் இல்லை.

பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கிறதே என்று கிராமங்களில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் அடங்கிய 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கிடைத்தால் பலன் மிக அதிகம். பன்னிரண்டு மணி நேரம் வரை பயன் உண்டு, குறைந்துகொண்டே போகும். அந்த ஜவுளிக் கடைக்காரர் போன்றவர்கள் இப்படித்தான் பிழைக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மருத்துவமனை வாசலில் "டாக்டர், கேஸ் டிரபுள்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கூட்டம் நிறைந்த இடத்தில் உங்களுக்கு வரிசைச் சீட்டுதான் கிடைக்கும், அமில மாத்திரையோடு அனுப்பிவிடவும் கூடும். "ஒன்பதேகால் மணியிலிருந்து நெஞ்சும் மேல்வயிறும் இறுக்குது, வியர்த்துக் கொட்டுது, சர்க்கரை இருக்கு, ஈசிஜி எடுத்துப் பாருங்க" என்று சொல்லுங்கள். பழைய ஈசிஜி இருந்தால் போனில் படம் எடுத்து வைத்திருங்கள்; புதியதை அதோடு ஒப்பிட்டால் மாற்றம் உடனே தெரியும்.